ஒரு பயணமும் ஒரு படக்குறிப்பும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் புலவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, பதிவேட்டிலும் ரசீதிலும் காலம் கழித்து வருபவர். இந்த மேடையில் நம்மை நிறுத்தி, "பயணத்தைப் பற்றிச் செல்பேசியில் எழுதுவது எப்படி என்று சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டதற்குக் காரணம் நம் புலமை அன்று. நாம் செய்த பிழை. அந்தப் பிழையையும், அதைத் திருத்திய விதத்தையும் மட்டுமே இன்று கூற வந்துள்ளோம்.

சென்ற ஏப்ரல் மாதம் நம் சங்கத்தின் சார்பில் ஒரு வேன் அமர்த்திச் சிவசமுத்திரம் சென்று வந்ததை நீங்கள் அறிவீர்கள். உங்களுள் பலர் உடன் வந்தவர்கள். திரும்பி வந்ததும், சங்கத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படத்தை இட்டு, அதன் கீழே பயணத்தை விரிவாக எழுதும் வேலை நம் தலையில் விழுந்தது. படத்தின் கீழ் எழுதுவதைப் பிள்ளைகள் கேப்ஷன் என்கிறார்கள். நாம் படக்குறிப்பு என்போம்.

இரவெல்லாம் விழித்து எழுதினோம். அதன் தொடக்கம் இதுதான்: "அனைவருக்கும் வணக்கம். எங்கள் சங்கத்தின் சார்பில் சென்ற ஏப்ரல் மாதம் சிவசமுத்திரம் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. காலை நான்கு மணிக்கு வேன் புறப்பட்டது." அதன்பின் பெங்களூரில் காப்பி, கனகபுராவில் சிற்றுண்டி, மளவள்ளியில் டீசல், இறுதியில் அருவி என்று நடந்த வரிசையில் ஒன்றையும் விடாது எழுதியிருந்தோம். படமோ, முப்பது பேரும் வரிசையாக நின்று சிரிக்கும் படம்.

மறுநாள் பார்த்தோம். விருப்பக் குறிகள் நிறைய விழுந்திருந்தன. ஆனால் கீழே, "இது எந்த இடம்?" என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். இடத்தின் பெயரோ முதற்பத்தியிலேயே இருந்தது! அப்போதுதான் உண்மை புலப்பட்டது. விருப்பக் குறி படத்துக்கு விழுந்தது. எழுத்தை ஒருவரும் படிக்கவில்லை. எழுத்து படிக்கப்பட்டதா என்று அறிய வேண்டுமாயின் குறிகளை எண்ணாதீர்கள். கீழே வரும் சொற்களைப் பாருங்கள். குறிப்பில் உள்ளதையே ஒருவர் கேட்டால் அவர் உள்ளே வரவில்லை. கடைசி வரியைப் பற்றி ஒருவர் பேசினால் அவர் இறுதிவரை வந்தவர். இதைவிட நல்ல அளவுகோலை நாம் கண்டதில்லை.

ஏன் படிக்கவில்லை? முதற்காரணம் கணக்கு. இன்ஸ்டாகிராமில் ஒரு குறிப்புக்கு 2200 குறியீடுகள் வரை இடம் உண்டு. ஆயினும் விரலால் தள்ளிக்கொண்டே வருபவர் கண்ணுக்கு முழுக் குறிப்பும் படுவதில்லை. முதல் 125 குறியீடுகள் அளவே தெரியும். அதன்பின் "மேலும்" என்னும் சொல் நிற்கும். திரைக்குத் திரை இது சற்றுக் கூடும், குறையும். அந்தச் சொல்லைத் தொட்டவருக்கே மீதி திறக்கும். தொடாதவருக்கு நம் இரவு உழைப்பு இல்லாததுதான்.

இதில் தமிழுக்கென்று ஒரு தனிச் செலவும் இருக்கிறது. தமிழ் என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அது ஐந்து: தகரம் ஒன்று, மகரம் ஒன்று, அதன் இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று. கோலார் என்ற மூன்றெழுத்து ஆறாகிறது. சொற்களுக்கு இடையே விடும் வெற்றிடமும் கணக்கில் சேரும். தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு எண்ணினார்கள்; இங்கே புள்ளிக்கும் கொம்புக்கும் எண்ணுகிறார்கள். ஆகவே 2200 என்றால் தமிழில் சுமார் 240 சொற்கள் என்று கொள்ளலாம். முதலில் தெரியும் 125 என்பது பதினான்கு, பதினைந்து சொற்கள்தாம்.

நம் பழைய குறிப்பை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தோம். வணக்கம், சங்கம், சார்பு, ஏற்பாடு என்று எழுதி முடித்து, அடுத்த வாக்கியத்தில் "காலை" என்ற சொல்லோடு திரை முடிந்துவிட்டது. காலையில் என்ன ஆயிற்று என்று யார் கவலைப்படுவார்?

இரண்டாங்காரணம் இன்னும் ஆழமானது. பயணத்தின் தொடக்கமும் பயணக் கதையின் தொடக்கமும் ஒன்று என்று நாம் எண்ணிவிட்டோம். உலகம் சுற்றிய ஏ. கே. செட்டியார் அவர்களை நினைத்துப் பாருங்கள். 1937ஆம் ஆண்டு, நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில் இருந்தபோதுதான் காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1940ஆம் ஆண்டு அந்தப் படம் வெளிவந்தது. அந்தக் கடற்பயணத்தை ஒரு சிறு குறிப்பாகச் சொல்ல நேர்ந்தால் கப்பல் ஏறியதிலிருந்தா தொடங்குவோம்? நடுக்கடலில் அந்த எண்ணம் வந்த கணத்திலிருந்து அல்லவா தொடங்குவோம்! பயணம் வீட்டு வாசலில் தொடங்கும். கதையோ, ஏதோ ஒன்று மாறிய இடத்தில் தொடங்கும்.

அப்படியானால் நம் பயணத்தில் எது மாறியது? இதை நம்மையே கேட்டுக்கொண்டோம். பதில் உடனே வந்தது. உடன் வந்திருந்த ஒரு பெரியவர்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டோம், அவர் விரும்பமாட்டார். பிள்ளைகள் எல்லாரும் தாத்தா என்பார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். ஆட்களைச் சுமந்து இறங்கும் கூண்டை ஏற்றி இறக்கும் பொறி அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது அவர் வேலையும் முடிந்தது. சிவசமுத்திரம் போகலாம் என்று சொன்னவரே அவர்தான். 1902ஆம் ஆண்டு காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, முதன்முதலாக நம் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தது அங்கிருந்துதான். அந்த இடத்தைச் சாகுமுன் ஒருமுறை காண வேண்டும் என்றார். நாமோ மாதம் தவறி, மழை தொடங்குமுன் ஏப்ரலில் அழைத்துச் சென்றோம். அருவி இருந்த இடத்தில் பாறை இருந்தது. அப்போது அவர் சொன்ன ஒரு சொல்தான் அந்தப் பயணம் முழுவதும்.

அந்தச் சொல் நம் பழைய குறிப்பிலும் இருந்தது. எங்கே? டீசலுக்கும் திரும்பி வந்த நேரத்துக்கும் இடையே, பதினோராவது பத்தியில்!

ஆகவே புதிதாக எழுதினோம். முதலில் கடைசி வரியை எழுதினோம். அது அவர் சொன்ன சொல். பிறகு அந்தச் சொல் புரிவதற்கு ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல் இட்டோம். மூன்றே செய்திகள் வந்தன: அவர் செய்த வேலை, 1902ஆம் ஆண்டின் மின்கம்பி, வற்றிய அருவி. காப்பியும் சிற்றுண்டியும் அந்தப் பட்டியலில் இல்லை, அடித்துவிட்டோம். அவை பொய்யல்ல, இனியவையும்கூட. ஆயினும் கடைசி வரிக்கு அவற்றால் பயன் இல்லை. முதல் வரியாக, பார்த்தவர் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பும் கணத்தை வைத்தோம். முடிவில் எழுதியது இது:

"ஆறு மணி நேரம் பயணித்து அருவி பார்க்கப் போனோம். அருவியில் தண்ணீர் இல்லை. எல்லோரும் வாடி நின்றோம். தாத்தா மட்டும் சிரித்தார்.

தாத்தா சாம்பியன் ரீஃபில் வைண்டிங் என்ஜின் ஓட்டியவர். கீழிருந்து மணி அடித்தால் கூண்டை மேலே தூக்குவது அவர் கை. இறங்கிய மனிதர் ஏறி வருவது அந்தக் கையை நம்பித்தான்.

முப்பது ஆண்டு ஓட்டினார். தங்கவயலுக்கு மின்சாரம் முதன்முதலில் எங்கிருந்து வந்ததோ, அந்த இடத்தை மட்டும் பார்த்ததே இல்லை.

1902ஆம் ஆண்டு, இந்தக் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிக் கோலார் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான்.

அதைப் பார்க்கத்தான் வந்தார். நாங்கள் மாதம் தவறி அழைத்து வந்துவிட்டோம். எதிரே பாறை. ஒரு மூலையில் நூல்போல் நீர்.

'மன்னிச்சிடுங்க தாத்தா' என்றான் கூட வந்த தம்பி.

அவர் பாறையைப் பார்க்கவில்லை. மின்நிலையம் இருக்கும் பக்கம் பார்த்தார்.

'எதுக்குப்பா மன்னிப்பு? தண்ணி ஷிப்டுக்குப் போயிருக்கு' என்றார்."

இவ்வளவுதான். 2200இல் பாதி அளவே ஆயிற்று. முதற்பத்தியை எண்ணிப் பார்த்தோம்: 123 குறியீடுகள். தாத்தா சிரித்தார் என்பதோடு திரை நிற்கும். ஏன் சிரித்தார் என்று அறிய விரும்புபவர் "மேலும்" என்பதைத் தொட்டே ஆக வேண்டும்.

இப்போது இதன் நடுப்பகுதியைச் சற்றுப் பாருங்கள். முதல் வரியில் எழுந்த கேள்விக்கு விடை கடைசி வரியில்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை படிப்பவரை வெறுங்கையோடு நடத்திச் செல்லக்கூடாது. அவர் யார் என்ற சிறு கேள்விக்கு இரண்டாம் பத்தி விடை தருகிறது. ஏன் இங்கே வந்தார் என்பதற்கு மூன்றாவதும் நான்காவதும் விடை தருகின்றன. ஒவ்வொரு பத்தியும் ஒன்றைக் கொடுத்து, ஒன்றை வைத்துக்கொள்கிறது. ரயிலில் நெடுந்தூரம் போகிறவருக்கு இடையிடையே நிலையங்கள் வருவதுபோல என்க. நிலையமே வராத வண்டியில் எவரும் பொறுமையாக அமர்ந்திரார்.

1902 என்ற ஆண்டையும் 147 கிலோமீட்டரையும் தொடக்கத்தில் வைத்திருந்தால் அது பாடப்புத்தகம் ஆகியிருக்கும். தாத்தா எதைப் பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றிய பிறகு வருவதால் அதே எண்கள் கதையாகின்றன. செய்தியைச் சொல்லுமுன் அதற்கான பசியை உண்டாக்க வேண்டும்.

பத்திகளைச் சிறிதாக வைத்து, நடுவே ஒரு வரி வெற்றிடம் விட்டதற்கும் காரணம் உண்டு. செல்பேசித் திரை அகலம் குறைந்தது. தாளில் நான்கு வரியாக நிற்கும் பத்தி அங்கே பத்து வரியாக நீண்டு, சுவர்போல் நிற்கும். சுவரைக் கண்டால் விரல் தானே தள்ளிவிடும்.

படத்தையும் மாற்றினோம். முப்பது பேர் சிரிக்கும் படத்தை எடுத்துவிட்டு, தாத்தா முதுகைக் காட்டி நிற்க, எதிரே வெறும் பாறை தெரியும் படத்தை இட்டோம். அவர் முகம் தெரியும் நல்ல படம் ஒன்றும் நம்மிடம் இருந்தது. ஆனால் சிரித்த முகத்தைப் படமே காட்டிவிட்டால் எழுத்துக்கு வேலை இல்லை. படம் ஒரு பாதியைச் சொல்ல வேண்டும். எழுத்து மறுபாதியைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையே சொன்னால் ஒன்று வீண்.

கடைசி வரிக்குப் பின் நாம் ஒன்றும் சேர்க்கவில்லை. "ஆகவே உழைப்பின் பெருமையை உணர்வோம்" என்று எழுதக் கை துடித்தது, அடக்கிக்கொண்டோம். தாத்தா சொன்னதைவிட நாம் நன்றாகச் சொல்லப்போவதில்லை அன்றோ? அருவியில் நீர் பெருகும் மாதங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை என்பது போன்ற வழிச்செய்திகளைக் கீழே, தனிக் கருத்தாக எழுதிவைத்தோம். தேவைப்பட்டவர் அங்கே கண்டுகொள்வார்.

அன்பர்களே, இனிச் சொல்வதுதான் இந்த உரையின் முக்கியப் பகுதி. இப்போது படித்த குறிப்புக்கு முன் இன்னொரு படி எழுதியிருந்தோம். அதன் முதல் வரி வேறு. தாத்தாவுக்கு இருமல் உண்டு. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். சுரங்க ஊரில் பிறந்த உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. "சுரங்கத்துக்கு மூச்சைக் கொடுத்த முதியவரின் கடைசி ஆசை" என்று தொடங்கியிருந்தோம். 125க்குள் அடங்கியது. எவர் விரலையும் நிறுத்தியிருக்கும். எழுதி முடித்தபோது நமக்கே பெருமையாக இருந்தது.

வெளியிடுமுன் அவர் வீட்டுக்குச் சென்று படித்துக் காட்டினோம். கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்பா, நான் பிச்சை கேக்கவா அங்க வந்தேன்?" என்றார். அவ்வளவே. கோபம்கூட இல்லை.

தலை குனிந்தோம். அவர் பயணத்தில் இருமலும் இருந்தது உண்மையே. ஆனால் அவர் பயணம் அதைப் பற்றியதன்று. தம் வேலையின் வேரைக் காண வந்த மனிதரை, இரங்கத்தக்கவராக ஆக்கி வாசலில் நிறுத்தினால் கூட்டம் கூடும். உள்ளே வந்தவருக்குக் கிடைப்பதோ வேறு கதை. முதல் வரி எழுப்பும் கேள்விக்குக் கடைசி வரி விடை தராவிட்டால், படித்தவர் ஏமாந்தவர் ஆவார். அடுத்த முறை நம் பக்கத்தில் நிற்கமாட்டார். அதைவிட, எவருடைய கதையோ, அவரே தம்மை அதில் காண முடியாமற்போனால் அது திருட்டு.

அன்றிரவே அந்த வரியை அடித்தோம். "தாத்தா மட்டும் சிரித்தார்" என்ற வரி அதன் இடத்தில் வந்தது. இரங்கலை நீக்கியதால் கதை குன்றவில்லை; கூடிற்று. மறுபடியும் சென்று படித்தோம். கடைசி வரியில் அவரே சிரித்தார். "நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பேத்தி, "ஆமா தாத்தா, அப்படித்தான் சொன்னீங்க" என்றாள். அதன்பிறகே வெளியிட்டோம்.

அப்படிப் படித்துக் காட்டியதில் இன்னொரு பயனும் கண்டோம். நடுவே ஓரிடத்தில் பேத்தியின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. அங்கே பொறியின் உறுப்புகளைப் பற்றி மூன்று வாக்கியம் நீட்டியிருந்தோம். திரும்பி வந்து அதைக் குறைத்தோம். கேட்பவர் கண் எங்கே விலகுகிறதோ அங்கே குறிப்பு தளர்ந்திருக்கிறது. எழுதியவருக்கு அது தெரியாது. எதிரே இருப்பவர் முகம் சொல்லிவிடும்.

வெளியிட்ட இரண்டாம் நாள் கீழே வந்த சொற்களைப் பார்த்தோம். எந்த இடம் என்று எவரும் கேட்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "எங்கப்பாவும் ஷிப்டுக்குப் போயிருக்கார்னுதான் அம்மா சொல்லுவாங்க. அந்தச் சொல்லைக் கேட்டுப் பல வருஷம் ஆச்சு." அவள் கடைசி வரிவரை வந்தவள். நமக்கு அது போதும்.

சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நம்மில் பலர் தினமும் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் போய் இரவில் திரும்புகிறோம். இந்த ஊரின் பெரியவர்கள் வீடுகளில் இத்தகைய சொற்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த பயணத்தில் எந்த வண்டியில் போனோம் என்று எழுதாவிட்டாலும் குற்றமில்லை. உடன் வந்தவர் என்ன சொன்னார் என்பதை மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். வெளியிடுமுன் அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

தாத்தா இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். வரும் ஆகஸ்டில் மீண்டும் சிவசமுத்திரம் போக வேன் பேசியாகிவிட்டது. இம்முறை மாதம் தவறாது.